புது ஸ்டாஃபுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பதா, நோயாளியையே கொடுப்பதா?

படிப்பு முடித்து வார்டுக்கு வரும் நர்ஸைப் பழக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உண்டு. ஒன்று, வேலையைப் பிரித்துக் கொடுப்பது: "இன்னைக்கு வார்டு முழுக்க பிபி, டெம்பரேச்சர் நீ பார்த்துடும்மா." இன்னொன்று, ஓரிரு நோயாளிகளை முழுசாக அவர் பொறுப்பில் விட்டு, சீனியர் பக்கத்தில் நிற்பது.

முதல் வழியை மட்டமாகப் பேச மாட்டேன். ஒரே காலையில் இருபது பேருக்கு பிபி பார்த்தால் கை தானாகப் பழகும். முதல் இரண்டு வாரத்துக்கு அது நல்லதும்கூட. அதையே மாசக்கணக்கில் நீட்டுவதில்தான் ஆபத்து.

வயிற்றில் ஆபரேஷன் முடிந்த மறுநாள், 60 கிலோ எடையுள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு பல்ஸ் 88, பத்துக்கு 104, பன்னிரண்டுக்கு 118. பிபி இன்னும் 110/80, பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. மணிக்கு 45 மில்லி வந்த யூரின் 18 ஆகிவிட்டது. கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்ற கணக்கில் குறைந்தது 30 வரவேண்டும். வேலையைப் பிரித்த வார்டில் பல்ஸை ஒருவர் எழுதுவார், யூரின் பையை இன்னொருவர் காலி செய்வார், வலிக்கு ஊசி போடுவது மூன்றாமவர். மூன்று பேரும் சரியாகவே எழுதியிருப்பார்கள், ஆனால் யாரும் டாக்டரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். உள்ளே ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் முதலில் பல்ஸ்தான் ஏறும், பிபி பிறகுதான் விழும்.

நோயாளியையே கொடுத்திருந்தால் இந்த மூன்றும் ஒரே ஆள் கண்ணில் படும். அப்போதும் புதியவர் "வலியால பல்ஸ் ஏறுது அக்கா" என்று சொல்லக்கூடும். சீனியர் உடனே விடையைச் சொல்லிவிடாமல், "யூரின் எவ்வளவு? கை சில்லுன்னு இருக்கா, தொட்டுப் பார்த்தியா?" என்று கேட்க வேண்டும். அதற்காக ரொம்ப நேரம் விடக்கூடாது, நோயாளி காத்திருக்கிறார். டாக்டருக்கு போன் புதியவரே போடட்டும்: யார், என்ன ஆபரேஷன், என்ன மாறியிருக்கிறது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும். சீனியர் பக்கத்திலேயே நிற்கட்டும்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. புதியவருக்கு வாய்த்த நோயாளிகளுக்கு கேனுலா மாற்ற வேண்டியதே வராவிட்டால் அந்தக் கைவேலை பழகாது. பக்கத்து பெட்டில் வந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு இரண்டையும் எந்த வழியிலும் புதியவரைத் தனியாகப் போட விடாதீர்கள்.

நோயாளிகளை ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நாலு என்று எப்போது ஏற்றுவது? வேலையைச் சீக்கிரம் முடிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டியூட்டி முடிந்து அடுத்தவருக்கு ஓவர் கொடுக்கும்போது சார்ட்டைப் பார்க்காமல் "இவருக்கு அடுத்து என்ன ஆகலாம்" என்று சொல்கிறாரா, அதைக் கவனியுங்கள்.

டியூட்டி லிஸ்டில் புதியவரை முழு ஆளாகக் கணக்கு வைத்துவிட்டால் இரண்டாவது வழி படுத்துவிடும். சீனியரின் நோயாளிகளை இருவரும் பங்கிட வேண்டுமே தவிர, தனி எண்ணிக்கை கூடாது. இன்சார்ஜ் ஒத்துக்கொள்ளாவிட்டால், வார்டு முழுக்க பிபி பார்ப்பதோடு ஒரே ஒரு நோயாளியையாவது முழுசாகக் கேட்டு வாங்குங்கள்.