அறை வாடகை மென்பொருளுடன் மூன்றாண்டுகள்: பதினெட்டு அறைகள் பதினான்கான கதை

ஏற்காட்டில் ஒன்பது அறைகள் கொண்ட விடுதியொன்றை அண்மையில் வாங்கியுள்ள நண்பர், நாங்கள் கொடைக்கானலில் பயன்படுத்தும் வாடகை நிர்வாக மென்பொருளைத் தாமும் வாங்கலாமா என்று கேட்டார். சந்தா புதுப்பிக்கும் தேதியும் அதே வாரத்தில் வந்ததால், அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் இவ்வளவு நீண்டுவிட்டது. முன்பதிவுத் தளங்களுடன் இணைவது, ரசீது அச்சிடுவது போன்றவற்றை எல்லா மென்பொருளும் செய்கின்றன. அவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வரவிருக்கும் ஒரு தேதிக்கு இன்றுவரை எத்தனை அறைகள் பதிவாகியுள்ளன என்பதையும், சென்ற ஆண்டு அதே சனிக்கிழமைக்கு, அதே அளவு நாட்கள் முன்னதாக எத்தனை பதிவாகியிருந்தன என்பதையும் அருகருகே காட்டும் திரை ஒன்று இதில் உண்டு. தேதிக்குத் தேதி ஒப்பிடாமல் கிழமைக்குக் கிழமை ஒப்பிடுகிறது என்பதே இதன் அருமை. 2023 மே மாதத்துக்குப் பிப்ரவரியிலேயே 2,800 ரூபாய் என்று ஒரே வாடகையை வைத்துவிட்டு, 'அறைகள் காலி இல்லை' என்ற பலகையைக் கிட்டத்தட்ட மாதம் முழுவதும் மாட்டி வைத்திருந்தோம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அடுத்த ஆண்டு இந்தத் திரையில் பின்னோக்கிப் பார்த்தபோதுதான், மே மாதச் சனிக்கிழமைகளுக்கான அறைகளில் பெரும்பகுதி ஏப்ரல் பாதிக்குள்ளாகவே விற்றுப்போயிருந்தது தெரிந்தது. பலகை எங்கள் திறமையைக் காட்டவில்லை. வாடகை மலிவாக இருந்ததையே காட்டியது.

2025 மே மாதத்தில் வார நாட்களுக்குக் குறைவாகவும் சனிக்கிழமைகளுக்கு 4,200 ரூபாய் வரையும் வைத்து, கடைசி ஆறு அறைகளைப் பத்து நாட்களுக்கு முன்புவரை தளங்களில் திறக்காமல் வைத்திருந்தோம். பதினெட்டு அறைகளை முப்பத்தொரு நாட்களால் பெருக்கினால் 558 அறை இரவுகள். 2023இல் அவற்றில் 540 விற்று, 15,12,000 ரூபாய் வந்தது. அதாவது அறைகள் நிரம்பிய விகிதமான ஆக்குபன்சி ஏறத்தாழ 97 விழுக்காடு, விற்பனைக்குரிய ஓர் அறை இரவுக்குச் சராசரியாக வந்த வருவாயான ரெவ்பார் 2,710 ரூபாய். 2025இல் 480 மட்டுமே விற்றன. சராசரி வாடகை 3,500 ஆனதால் 16,80,000 ரூபாய் வந்தது. ஆக்குபன்சி 86 விழுக்காட்டுக்கு இறங்கியும் ரெவ்பார் 3,011 ரூபாய்க்கு ஏறியது. குறைவாக விற்ற அந்த அறுபது இரவுகளுக்குச் சலவை, வெந்நீர், காலைச் சிற்றுண்டிச் செலவுகளும் இல்லை. இடையில் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டதால், இரண்டு ஆண்டுகளின் வரத்தும் ஒன்றாக இருந்தது என்று நான் வாதிட மாட்டேன். ஆனாலும் இந்தத் திரை இல்லாமல் அந்த வாடகையை வைக்கும் துணிவு எனக்கு வந்திருக்காது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

ஜூலையில் கொடைக்கானலில் மழையும் மூடுபனியும்தான். மேற்குப்புறச் சுவர்களில் ஈரம் ஊறிப் பூச்சு உதிர்ந்ததால், 2025 ஜூலை முழுவதும் நான்கு அறைகளைப் பழுதுபார்ப்புக்காக மூடினோம். மென்பொருளில் அந்த அறைகளை 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்று குறித்தவுடன், விற்பனைக்குரிய அறைகளின் எண்ணிக்கையிலிருந்தே அவற்றை அது நீக்கிவிடுகிறது. மாத முடிவில் முகப்புத் திரையில் ஆக்குபன்சி 50 விழுக்காடு, ரெவ்பார் 800 ரூபாய் என்று பச்சை அம்புக்குறியுடன் காட்டியது. முந்தைய ஆண்டு ஜூலையில் ரெவ்பார் 667 ரூபாய்தான். ஆகவே மழைக்காலத்திலும் இருபது விழுக்காடு வளர்ந்துவிட்டோம் என்று வரவேற்பு மேலாளர் மகிழ்ச்சியோடு சொன்னார். வங்கிக் கணக்கைப் பார்த்தால் பணம் குறைந்திருந்தது.

கணக்கு இதுதான். 2024 ஜூலையில் 240 இரவுகளை 1,550 ரூபாய்க்கு விற்று 3,72,000 ரூபாய் ஈட்டினோம். வகுத்த எண் 558. 2025 ஜூலையில் 217 இரவுகளை 1,600 ரூபாய்க்கு விற்று 3,47,200 ரூபாய் ஈட்டினோம். மென்பொருள் வகுத்த எண்ணோ 434. பதினெட்டு அறைகளுக்கும் சேர்த்து வகுத்தால் ஆக்குபன்சி 39 விழுக்காடு, ரெவ்பார் 622 ரூபாய். 24,800 ரூபாய் வருவாய் குறைந்த மாதத்தைத்தான் அது வளர்ச்சி என்று காட்டியிருக்கிறது. வங்கிக் கடனுக்கும் ஊதியத்துக்கும் நான் பதினான்கு அறைகளின் கணக்கில் பணம் கட்டுவதில்லை.

உதவி மையத்தில் பேசிய இளைஞர் பொறுமையாகவே விளக்கம் தந்தார். இன்றிரவு என்ன வாடகை வைப்பது என்று முடிவு செய்ய, இன்றிரவு விற்கக்கூடிய அறைகள் எத்தனை என்பதே முக்கியம் என்றார். அந்த அளவில் அவர் சொன்னது சரிதான். ஈரச் சுவருள்ள அறையை யாருக்கும் விற்க முடியாது. ஆனால் பருவத்தையும் பருவத்தையும் ஒப்பிடும்போது, மூடிக் கிடக்கும் அறையும் நான் பணம் போட்டுக் கட்டிய அறைதான். இரண்டு எண்களையும் அருகருகே காட்டுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன். 'உங்கள் ஆலோசனை பதிவு செய்யப்பட்டது' என்ற பதில் மூன்று முறை வந்தது.

இதை வெறும் எண் தகராறு என்று எண்ண வேண்டாம். திரை பச்சையாக இருந்ததால் பழுதுபார்ப்பை விரைவுபடுத்த யாருக்கும் தோன்றவில்லை. பூச்சு வேலையை இழுத்தடித்ததில், ஆயுத பூஜை விடுமுறை தொடங்கிய அக்டோபர் 1ஆம் தேதியன்றும் இரண்டு அறைகள் தயாராகவில்லை. நான்கு இரவுகள், இரவுக்கு 4,000 ரூபாய், இரண்டு அறைகள்: 32,000 ரூபாய் போயிற்று. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய அந்த நான்கு நாட்களுக்கும் மென்பொருள் காட்டிய ஆக்குபன்சி நூறு விழுக்காடு!

இன்னொரு குறையும் உண்டு. ஆனால் அதில் மென்பொருளுக்குப் பாதிப் பங்குதான். தீபாவளி 2024இல் அக்டோபர் 31ஆம் தேதியும் 2025இல் அக்டோபர் 20ஆம் தேதியும் வந்தது. முதல் ஆண்டில் விடுமுறைக் கூட்டம் நவம்பரிலும் அடுத்த ஆண்டில் அக்டோபரிலும் விழுந்ததால், மாதத்துக்கு மாதம் ஒப்பிட்ட அறிக்கை 2025 நவம்பரைச் சிவப்பாகக் காட்டியது. இரண்டு மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புரிகிறது.

இப்போது முகப்புத் திரையை நான் பார்ப்பதேயில்லை. மாதத்தின் மொத்த அறை வருவாயை வரி நீக்கி எடுத்துக்கொண்டு, பதினெட்டையும் மாதத்தின் நாட்களையும் பெருக்கி வந்த எண்ணால் குறிப்பேட்டிலேயே வகுத்துக்கொள்கிறேன். உங்கள் மென்பொருளும் மூடிய அறைகளைக் கணக்கிலிருந்து நீக்குகிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு: மாத அறிக்கையில் விற்பனைக்குரிய அறை இரவுகளின் எண்ணிக்கையை உங்கள் அறைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த மாதத்தின் நாட்கள் வராவிட்டால் அறைகள் எங்கோ மறைக்கப்பட்டிருக்கின்றன.

நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். ஒன்பது அறைகளுக்கு ஒரு குறிப்பேடும், சனிக்கிழமைப் பதிவுகளை வாரந்தோறும் குறித்து வைக்கும் பழக்கமும் போதும். நாற்பது விழுக்காடு தள்ளுபடியில் மூன்றாண்டுச் சந்தா தருவதாக எனக்கு வந்த அழைப்பையும் மறுத்தேன். பிறகு, மே மாதச் சனிக்கிழமைகளின் பதிவுத் திரையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, முழு விலையிலேயே ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன்.