ஒரு கிண்ணம் என்றால் எத்தனை கிராம்?

கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவில் ஒரு வேளைக்கு 30 கிராம் என்று போட்டிருக்கும். மியூஸ்லி, கிரனோலா டப்பாக்களில் பெரும்பாலும் 30 முதல் 45 கிராம் வரை. அதை வைத்துப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் காலையில் காட்பாடி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் கிராம் பார்த்தா போடுகிறார்? கிண்ணம் நிறையும் வரை போடுகிறார்.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு எவர்சில்வர் கிண்ணத்தை டிஜிட்டல் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கி, மூன்றையும் ஒரே மட்டத்துக்கு, ஏறக்குறைய 250 மில்லி அளவுக்கு நிரப்பலாம். கார்ன்ஃபிளேக்ஸ் 30 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். மியூஸ்லி 85, கிரனோலா 110 கிராம் வரும். கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணத்தில் பெரும்பகுதி காற்று. கிரனோலாவோ எண்ணெயும் தேனும் சேர்த்து வறுத்த கட்டி.

100 கிராமுக்கு கார்ன்ஃபிளேக்ஸும் மியூஸ்லியும் 370 கலோரியை ஒட்டியே இருக்கும், கிரனோலா 460 வரை போகும். பாலும் சமமாக ஊற்றுவதில்லை. கார்ன்ஃபிளேக்ஸ் மிதக்க ஆவின் நீலப் பாக்கெட் பால் 200 மில்லி கேட்கும், கிரனோலாவுக்கு 120 போதும். பாலோடு கணக்குப் போட்டால் கார்ன்ஃபிளேக்ஸ் சுமார் 230, மியூஸ்லி 400, கிரனோலா 575 கலோரி.

அப்படியானால் கார்ன்ஃபிளேக்ஸ்தான் இலேசானதா? அதுதான் இல்லை. நம் வீடுகளில் பாலைக் காய்ச்சிச் சூடாகவே ஊற்றுகிறோம். இரண்டு நிமிடத்தில் நமத்துப் போகிறது. மொறுமொறுப்புக்காக இன்னொரு கை போடுகிறோம், அப்புறம் பால் போதவில்லை என்று ஊற்றுகிறோம், இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்கிறது. 55 கிராம், 250 மில்லி பால், சர்க்கரை என்றால் 390 கலோரி. மியூஸ்லி கிண்ணத்துக்கு வந்துவிட்டது! நார்ச்சத்து மட்டும் வரவில்லை. பதினோரு மணிக்கு வடை தேடும் பசி அதனால்தான்.

என் ஓட்டு மியூஸ்லிக்கு, அதுவும் 60 கிராமோடு நிறுத்தினால். கிரனோலாவைக் கிண்ணத்தில் நிரப்பாமல், இரண்டு மூன்று ஸ்பூன் தயிர் மேல் தூவிச் சாப்பிடுவதே சரி.

எடை போடும்போது ஒரு விஷயம். புது டப்பாவின் முதல் கிண்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம். மியூஸ்லியில் ஓட்ஸும் திராட்சையும் பருப்பும் சீராகக் கலந்திருக்காது. கார்ன்ஃபிளேக்ஸின் அடியில் இருப்பதோ தூள், இடைவெளி இல்லாமல் அடைந்துகொள்ளும். அதே மட்டத்துக்கு நிரப்பினாலும் கடைசிக் கிண்ணம் முதல் கிண்ணத்தைவிட நிறையவே கனமாக இருக்கும். டப்பாவைத் திறக்கும் முன் ஒருமுறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தையும் நிறுத்துப் பாருங்கள்.