ஒரே வாடகை, இரண்டு கணக்குகள்: நிதிக் குத்தகையும் இயக்கக் குத்தகையும்

ஒரு நிறுவனம் ஓர் இயந்திரத்தை 3 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கிறது. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் வாடகை 1,00,000. மொத்தத்தில் கையை விட்டுப் போவது 3,00,000; அதில் கூடுவதற்கோ குறைவதற்கோ இடமில்லை. ஆனால் இதே ஒப்பந்தம் நிதிக் குத்தகை என்று வகைப்படுத்தப்பட்டால் முதலாண்டுச் செலவு 1,07,764 ஆகிறது. இயக்கக் குத்தகை என்றால் 1,00,000. ஆய்வாளர்கள் முதலில் தேடிப் பார்க்கும் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய இலாபம், ஒன்றில் வாடகை முழுவதையும் சுமக்கிறது. மற்றதில் ஒரு காசையும் சுமப்பதில்லை. பணம் ஒன்றாக இருக்கும்போது கணக்கு ஏன் இப்படிப் பிரிகிறது என்பதைப் பார்ப்போம்.

இரண்டுக்கும் இடையிலான கோடு, சொத்தின் பலனும் ஆபத்தும் யாரிடம் போய்ச் சேர்கின்றன என்பதில் இருக்கிறது. நிதிக் குத்தகையில் குத்தகைதாரர் இயந்திரத்தின் மதிப்பில் பெரும்பகுதியைத் தாமே அனுபவித்துத் தீர்க்கிறார். சட்டப்படி உரிமை வேறொருவரிடம் இருந்தாலும், பொருளாதார நோக்கில் அவர் கடன் வாங்கி இயந்திரத்தை வாங்கியிருக்கிறார். இயக்கக் குத்தகையில் கொஞ்ச காலம் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தருகிறார். மீதமுள்ள ஆயுளும், அதன் மறுவிற்பனை விலை சரிந்தால் வரும் நட்டமும் உரிமையாளருடையவை.

பழைய விதிகளில் இந்தக் கோட்டுக்கு அளவுக்கு மீறிய வலிமை இருந்தது. நிதிக் குத்தகை என்றால் சொத்தும் கடனும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறும். இயக்கக் குத்தகை என்றால் எதுவும் ஏறாது. பின்குறிப்பில் சில வரிகள் மட்டும் இருக்கும். ஆகவே ஒப்பந்தங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும்படி வடிவமைப்பதே தனித் தொழிலாக வளர்ந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2005இல் வெளியிட்ட அறிக்கை, இப்படி வெளியே நின்ற இயக்கக் குத்தகைப் பொறுப்புகளைச் சுமார் 1.25 டிரில்லியன் டாலர் என்று மதிப்பிட்டது. அதற்குப் பிறகு நீண்ட காலம் விவாதம் நடந்து, 2016இல் இரண்டு புதிய தரநிலைகள் வந்தன: சர்வதேச அளவில் ஐஎஃப்ஆர்எஸ் 16, அமெரிக்காவில் ஏஎஸ்சி 842.

இருப்புநிலைக் குறிப்பில் குத்தகைகள் ஏற வேண்டும் என்பதில் இரண்டு தரநிலைகளும் ஒத்துப்போயின. செலவை எப்படிக் காட்டுவது என்பதில் பிரிந்தன. ஐஎஃப்ஆர்எஸ் 16 குத்தகைதாரருக்கு இந்த இருவகைப் பிரிவையே எடுத்துவிட்டது; குறுகிய காலக் குத்தகையும் சிறு மதிப்புப் பொருள்களும் நீங்கலாக எல்லாவற்றையும் ஏறக்குறைய நிதிக் குத்தகையாகவே நடத்துகிறது. 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் இந்த் ஏஎஸ் 116 தரநிலையும் அதே வழி. அமெரிக்கத் தரநிலை மட்டும் குத்தகைதாரரின் ஏட்டில் இரண்டு வகைகளையும் தொடரவிட்டது. ஆகவே இன்று குத்தகைதாரர் பக்கத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்துபார்க்க அமெரிக்க விதிகளே சரியான களம். கீழுள்ள கணக்கு அவற்றின்படி அமைந்தது.

முதலில் வகைப்படுத்தல். உரிமை இறுதியில் குத்தகைதாரருக்கு மாறினாலோ, அவர் வாங்கியே தீருவார் என்று உறுதியாகத் தெரியும் வாங்கல் உரிமை இருந்தாலோ, குத்தகைக் காலம் மீதி ஆயுளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டாலோ, வாடகைகளின் தற்போதைய மதிப்பு, அதாவது இனி வரப்போகும் வாடகைகளிலிருந்து வட்டியைக் கழித்துக் கணக்கிட்ட இன்றைய மதிப்பு, சொத்தின் சந்தை மதிப்பை ஏறக்குறைய முழுவதும் எட்டினாலோ, உரிமையாளருக்கு வேறு எதற்கும் பயன்படாத தனிவகைச் சொத்தாக இருந்தாலோ அது நிதிக் குத்தகை. ஐந்தில் ஒன்று பொருந்தினால் போதும். ‘பெரும்பகுதி’ என்பதற்கு 75 சதவீதத்தையும் ‘ஏறக்குறைய முழுவதும்’ என்பதற்கு 90 சதவீதத்தையும் நியாயமான எல்லைகளாகக் கொள்ளலாம் என்று தரநிலையே வழிகாட்டுகிறது. நடைமுறையில் தகராறு பெரும்பாலும் அந்த 90இல்தான்.

நம் ஒப்பந்தத்தில் 10 சதவீத வட்டியைக் கழித்துப் பார்த்தால் மூன்று வாடகைகளின் தற்போதைய மதிப்பு 2,48,685. இயந்திரத்தின் சந்தை மதிப்பு 2,70,000 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 92 சதவீதம். ஆகவே நிதிக் குத்தகை. அதே இயந்திரத்துக்கு 2,80,000 என்று மதிப்பீட்டாளர் சொன்னால் விகிதம் 89க்குக் கீழே இறங்கி, மற்ற நான்கும் பொருந்தாத நிலையில், இயக்கக் குத்தகை ஆகிவிடும். இதைவிட நுட்பமான இடம் வட்டி விகிதம். ஒப்பந்தத்துக்குள் பொதிந்திருக்கும் வட்டியை எளிதில் கணிக்க முடியாதபோது, குத்தகைதாரர் தாம் கடன் வாங்கினால் கொடுக்க வேண்டியிருக்கும் வட்டியைப் பயன்படுத்துவார். அது 10க்குப் பதில் 12 என்று அவர் வாதிட்டு வென்றால், தற்போதைய மதிப்பு 2,40,183க்குச் சுருங்குகிறது. 2,70,000 மதிப்புள்ள அதே இயந்திரம், ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறாமல், கோட்டைத் தாண்டிவிடுகிறது. எனவே ஒரு நிறுவனத்தின் குத்தகைகள் எல்லாம் 88, 89 சதவீதத்தில் வந்து நின்றால், தணிக்கையாளர் முதலில் கேட்க வேண்டியது அந்த வட்டி விகிதத்துக்கான ஆதாரத்தைத்தான்.

தொடக்க நாள் பதிவில் வேறுபாடு இல்லை. எந்த வகையானாலும், 10 சதவீதக் கணக்குப்படி, பயன்பாட்டு உரிமைச் சொத்து 2,48,685, குத்தகைப் பொறுப்பு 2,48,685. பொறுப்பு குறைந்துபோகும் விதமும் ஒன்றுதான்: முதலாண்டு வாடகையில் 24,869 வட்டிக்குப் போக, 75,131 அசலில் கழிந்து, 1,73,554 மிஞ்சுகிறது. பாதை பிரிவது சொத்தைக் கழிக்கும் இடத்தில்.

நிதிக் குத்தகையில் சொத்தை ஆண்டுக்கு 82,895 என்று சமமாகக் கழிக்கிறோம். வட்டி தனியே வருகிறது. கடன் பெரிதாக இருக்கும் தொடக்கத்தில் வட்டி அதிகம், ஆகவே மொத்தச் செலவும் தொடக்கத்தில் கனம். இயக்கக் குத்தகையில் ஆண்டுச் செலவு 1,00,000 என்று முதலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதிலிருந்து வட்டியைக் கழித்து, மிஞ்சுவதைச் சொத்திலிருந்து குறைக்கிறோம்.

| ஆண்டு | நிதிக் குத்தகை: வட்டி + தேய்மானம் | இயக்கக் குத்தகை: ஒரே செலவு | இயக்கக் குத்தகையில் சொத்தின் குறைவு |
|---|---|---|---|
| 1 | 1,07,764 | 1,00,000 | 75,131 |
| 2 | 1,00,250 | 1,00,000 | 82,645 |
| 3 | 91,986 | 1,00,000 | 90,909 |

கடைசி நிரலைக் கவனியுங்கள். சொத்து ஆண்டுதோறும் முன்னைவிட வேகமாகக் குறைகிறது. எந்த இயந்திரமும் இப்படித் தேய்வதில்லை. செலவுக் கோடு நேராக வர வேண்டும் என்பதற்காகப் பின்னோக்கிக் கணக்கிட்ட எண் அது. என் பார்வையில் இது அமெரிக்க முறையின் பலவீனமான இடம்: பொறுப்பைக் கடன் என்று ஒப்புக்கொண்டு ஏட்டில் ஏற்றிவிட்டு, அந்தக் கடனின் வட்டியை வாடகை என்ற பெயருக்குள் மறைத்துவிடுகிறது. மறுபக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. மாதந்தோறும் ஒரே பயனைப் பெற்று ஒரே வாடகை கொடுப்பவருக்கு முதலாண்டில் மட்டும் ஏன் கூடுதல் செலவு என்று கேட்டால், நிதிக் குத்தகை முறையிடம் மனநிறைவான பதில் இல்லை. குத்தகைகள் பல இருந்து, பழையவை முடிய முடியப் புதியவை சேர்ந்துகொண்டிருந்தால், ஒன்றின் தொடக்கக் கனத்தை மற்றொன்றின் இறுதி இலேசு ஈடுகட்டி, மொத்தச் செலவில் இரு முறைகளுக்கும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. வேகமாக விரிவடையும் நிறுவனத்தில்தான் அது உறைக்கும், ஏனென்றால் அங்கே இளம் குத்தகைகளே அதிகம்.

ஆனால் எத்தனை குத்தகைகள் இருந்தாலும் ஈடுகட்டப்படாத வேறுபாடு ஒன்று உண்டு. அது செலவு உட்காரும் வரி. வாடகைக்கு முந்தைய இலாபம் 5,00,000 என்று கொள்வோம். இயக்கக் குத்தகையில் எபிட்டா 4,00,000. நிதிக் குத்தகையில் செலவு முழுவதும் வட்டியாகவும் தேய்மானமாகவும் கீழே இறங்கிவிடுவதால் எபிட்டா 5,00,000. எபிட்டாவின் 8 மடங்கு என்று நிறுவனத்தை மதிப்பிடுபவர் ஒன்றுக்கு 32,00,000 என்பார், மற்றதற்கு 40,00,000 என்பார். இரண்டாவது மதிப்பீடு பொருள் தர வேண்டுமானால் குத்தகைப் பொறுப்பைக் கடனோடு சேர்த்துக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அந்த எபிட்டாவில் வாடகை இன்னும் கழியவில்லை. முதலாவதில் வாடகை ஏற்கெனவே கழிந்துவிட்டது. அங்கே பொறுப்பையும் கழித்தால் ஒரே சுமையை இரண்டு முறை எண்ணியதாகும். ஒரே துறையைச் சேர்ந்த ஐரோப்பிய நிறுவனத்தையும் அமெரிக்க நிறுவனத்தையும் அருகருகே வைப்பவர்கள் சறுக்கும் இடம் இதுவே. அமெரிக்க நிறுவனத்தின் பின்குறிப்பில் இயக்கக் குத்தகைச் செலவு தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அதை எபிட்டாவில் திரும்பக் கூட்டி, பொறுப்பைக் கடனில் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

ரொக்க ஓட்ட அறிக்கையிலும் இதே பிளவு. இயக்கக் குத்தகையில் 1,00,000 முழுவதும் இயக்க நடவடிக்கைகளின் கீழ் வெளியேறுகிறது. நிதிக் குத்தகையில் வட்டியான 24,869 மட்டும் அங்கே நிற்க, அசலான 75,131 நிதி நடவடிக்கைகளுக்குப் போய்விடுகிறது. வங்கியில் இருக்கும் பணம் மாறாவிட்டாலும், இயக்க ரொக்க ஓட்டம் செழிப்பாகத் தெரிகிறது.

குத்தகைக்கு விடுபவர் பக்கத்தில் பழைய பிரிவு இரண்டு தரநிலைகளிலும் தொடர்கிறது. இயக்கக் குத்தகை என்றால் இயந்திரம் அவர் ஏட்டிலேயே இருந்து தேயும், வாடகை வருமானமாகும். நிதிக் குத்தகை என்றால் இயந்திரம் ஏட்டை விட்டுப் போய், அதன் இடத்தில் வரவேண்டிய தொகை அமர்ந்து வட்டி ஈட்டும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஓட்டை ஒன்று எஞ்சியிருக்கிறது. விற்பனையில் இத்தனை சதவீதம், ஓடிய மணிக்கு இவ்வளவு என்று அமையும் மாறும் வாடகைகள் பொறுப்புக் கணக்கில் சேர்வதில்லை; நேரும்போது செலவாகப் பதிவாகின்றன. நம் ஒப்பந்தத்தில் நிலையான வாடகை 40,000 ஆகவும் மீதி பயன்பாட்டைப் பொறுத்ததாகவும் இருந்திருந்தால், ஏட்டில் ஏறும் பொறுப்பு 99,474 மட்டுமே. எந்த வகை என்ற கேள்வியும் சுலபமாக இயக்கக் குத்தகையின் பக்கம் தீர்ந்துவிடும். ஆகவே பின்குறிப்பைத் திறந்ததும் மாறும் குத்தகைச் செலவு என்ற வரியைத் தேடி, மொத்தக் குத்தகைச் செலவில் அது எவ்வளவு என்று பாருங்கள். அது பாதியைத் தாண்டியிருந்தால், இருப்புநிலைக் குறிப்பில் காணும் குத்தகைப் பொறுப்பு அந்த நிறுவனத்தின் உண்மையான வாடகைச் சுமையில் சிறு பங்கைத்தான் காட்டுகிறது.