பாங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்துச் சேமிப்பு விகிதம்: 6 வருட அனுபவம்

2019-ல், 38 வயதில், முதல்முறையாகக் கணக்குப் போட்டபோது என் சேமிப்பு 1.6% என்று வந்தது. சம்பளம் 62,000 ரூபாய், மாதம் முழுக்க வெளியே போனது 61,000. மிச்சம் ஆயிரம். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

ஆனால் கணக்கே தப்பு. வெளியே போன 61,000-ல் சீட்டுக்கு 5,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபிக்கு 4,000 இருந்தது. வீட்டுக்கடன் இஎம்ஐ 18,000-ல் அசல் மட்டும் 6,000. இந்த 15,000 செலவே இல்லை, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன பணம். உண்மைச் செலவு 46,000. வரவிலும் ஓட்டை இருந்தது. பிஎஃப் பாங்குக்கு வருவதற்கு முன்பே பிடிக்கப்படுவதால் ஸ்டேட்மென்ட்டில் தெரியாது. அடிப்படைச் சம்பளம் 30,000 என்பதால் என் பங்கு 12%, அதாவது 3,600. கம்பெனியும் அதே அளவு போடுகிறது, அதில் 1,250 பென்ஷனுக்குப் போய் மீதி 2,350 என் கணக்கில் சேர்கிறது. ஆக வரவு 67,950. மிச்சம் 21,950, அதாவது 32%.

அன்றிலிருந்து ஒரே முறைதான். நெட் பாங்கிங்கில் வருட ஸ்டேட்மென்ட்டை எக்செல்லாக இறக்கி, கடைசியில் ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் வ (வரவு), செ (செலவு), மா (மாற்றல்) என்று மூன்றில் ஒன்றைப் போடுகிறேன். மளிகை, பெட்ரோல் என்று பிரிப்பதில்லை. முதல் வருடம் பிரித்துப் பார்த்து நொந்துபோனேன், இந்த விகிதத்துக்கு அது தேவையும் இல்லை. ஏடிஎம்மில் எடுத்தது முழுக்கச் செலவு. கிரெடிட் கார்டுக்குப் பில் கட்டிய வரி மட்டும் போதும், கார்டு ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்தால் இரட்டைச் செலவாகிவிடும். முதிர்ந்து வந்த எஃப்டியின் அசல் மாற்றல், வட்டி மட்டும் வரவு. பிஎஃப்பைக் கையால் ஒரு வரவு வரியாகவும், இஎம்ஐயை அசல், வட்டி என இரண்டு வரியாகவும் எழுதிக்கொள்கிறேன். C பற்று, D வரவு, E என் குறி:

```
=1-SUMIF(E:E,"செ",C:C)/SUMIF(E:E,"வ",D:D)
```

ஒரு மாதத்துக்கு இதைப் பார்க்காதீர்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், அப்புறம் தீபாவளி என்று எண் தாறுமாறாகக் குதிக்கும். 12 மாதம் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் உண்டு.

பெரிய அடி மூன்றாம் வருடம் விழுந்தது. மார்ச் 31 அன்று பாங்க் இருப்பு, ஃபண்ட், பிஎஃப் எல்லாவற்றையும் கூட்டி, வீட்டுக்கடன் பாக்கியைக் கழித்து, போன வருடத்தோடு ஒப்பிடுவது வழக்கம். வட்டியும் சந்தை ஏற்ற இறக்கமும் போக, சேமித்ததாகத் தாள் சொல்லும் தொகையளவு கூடியிருக்க வேண்டும். அதைவிடச் சுமார் 60,000 குறைவாக இருந்தது. தேடினால், சீட்டு! 20 மாதச் சீட்டை எட்டாவது மாதமே ஏலத்தில் எடுத்து வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தேன். வந்த பணத்துக்கு 'மா' போட்டேன், சரி. பெயின்டருக்குக் கொடுத்ததற்கும் நினைவில்லாமல் 'மா' போட்டுவிட்டேன். தவணைகள் சேமிப்பாகவே நின்றன, கையில் ஒன்றும் இல்லை, மேலே 8 தவணை பாக்கி. எடுத்துச் செலவழித்த பிறகு சீட்டு கடன்தான். இந்த மார்ச் ஒப்பீடு இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

சரி, எத்தனை சதவீதம் போதும்? நான் சதவீதத்தை மாதமாக மாற்றிப் பார்க்கிறேன். 20% சேமித்தால் வருடத்துக்கு 3 மாதச் செலவு கையில் நிற்கும். 40% என்றால் 8 மாதம். வட்டி விலைவாசிக்கே சரியாகப் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், 25 வயதில் 20%-ல் ஆரம்பித்து 60 வரை போனால் ஏறக்குறைய 9 வருடச் செலவு சேரும். ஓய்வுக்காலத்துக்கு இது போதாது, ஆனாலும் அந்த வயதில் 20% நல்ல தொடக்கம், பணம் வளர நாள் இருக்கிறது. என் மச்சான் 24 வயதில், ரூம் வாடகையும் கொடுத்து ஊருக்கும் அனுப்பி, 12% நிற்கிறான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பதுகளில் குழந்தை, கடன் என்று 15-க்கு இறங்கினாலும் பதற மாட்டேன். ஆனால் 45-ல் முதலிலிருந்து தொடங்குகிறவருக்கு 40% போட்டாலும் 15 வருடத்தில் 10 வருடச் செலவுதான் சேரும். அந்த வயதில் 20% குறைவு.

இந்தக் கணக்கில் வீட்டுக்கடன் அசலை நான் சேர்ப்பதில்லை. குடியிருக்கும் வீட்டை விற்றுச் சாப்பிட முடியாதே. அசலை எடுத்துவிட்டால் என் 32% வெறும் 23% ஆகிறது, வருடத்துக்கு 4 மாதச் செலவு. இப்போது 44 வயதில் அது 29-க்கு வந்திருக்கிறது. கடன் முடிந்ததும் அந்த 18,000-ஐ அப்படியே ஃபண்டுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். மனைவி சமையலறையை மாற்றணும் என்கிறாள். அதற்கு 'செ' போட வேண்டியிருக்கும்.