பழைய ஸ்பேர் விற்பனை: மாடல் பெயர், ஆண்டு, பார்ட் நம்பர், அளவு – எதை நம்பி எழுதுவது?

"கிளாசிக் 350 பெட்ரோல் டேங்க், நல்ல கண்டிஷன், 2020 மாடல்." பழைய ஸ்பேர் விற்பவர்கள் எழுதும் வரிகளில் இது மோசமானது என்று சொல்ல முடியாது. பெயர் இருக்கிறது, ஆண்டும் இருக்கிறது. ஆனாலும் 2020-இல் கிளாசிக் 350 வாங்கிய ஒருவர் இதை நம்பி ஆர்டர் போட்டால், வந்து சேரும் டேங்க் அவர் வண்டியில் உட்காரலாம், உட்காராமலும் போகலாம்.

ராயல் என்ஃபீல்டு 2020 ஜனவரியில் கிளாசிக் 350-ஐ பிஎஸ்-6 புகை விதிக்கு ஏற்ப மாற்றி, கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஃபியூல் இன்ஜெக்‌ஷன் கொடுத்தது. நாடு முழுக்க பிஎஸ்-6 கட்டாயமானது அந்த ஆண்டு ஏப்ரல் 1-இல்தான். அதனால் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு வகையும் புது வண்டியாகவே சாலைக்கு வந்தன. கார்புரேட்டர் வண்டியின் டேங்கில் அடியில் பெட்ரோல் காக் மாட்டுவதற்கு ஓர் ஓட்டை இருக்கும். பெட்ரோல் தானாகக் கீழே இறங்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். அடியில் அதற்கான பெரிய துவாரம், சுற்றிலும் போல்ட், வெளியே வரும் ஒயர். மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். 2021-லும் இதே குழப்பம்தான்: அந்த செப்டம்பரில் புதிய இன்ஜின், புதிய ஃபிரேமுடன் வேறொரு வண்டி அதே 'கிளாசிக் 350' பெயரில் வந்தது. பழைய டேங்கின் கொள்ளளவு 13.5 லிட்டர், புதியது 13. ஆகப் பெயர் ஒன்று, டேங்க் மூன்று. 2020, 2021 என்ற இரண்டு ஆண்டுகளிலும் இரண்டிரண்டு வகை.

இந்த டேங்கையே உரைகல்லாக வைத்து, விளம்பரத்தில் பொருத்தத்தைச் சொல்லும் நான்கு வழிகளையும் பார்க்கலாம்.

மாடல் பெயர் மட்டும்

எழுதச் சுலபம், தேடுபவர் கண்ணில் படுவதும் இதுதான். "எல்லா மாடலுக்கும் சேரும்" என்ற வால் ஒட்டிக்கொள்வதும் இங்கேதான். இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வரவில்லை. ஹீரோ ஹோண்டாவின் 97.2 சிசி இன்ஜின் சிடி 100, ஸ்ப்ளெண்டர், பேஷன் என்று பல வண்டிகளில் பல வருடம் ஓடியது. அதன் பாகங்கள் பலவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிப் போட்டுப் பழகிய மெக்கானிக்குகள், எல்லா வண்டியும் இப்படித்தான் என்று எண்ணிவிட்டார்கள். டேங்க் விஷயத்தில் இந்த வழி அப்பட்டமாகத் தோற்கிறது.

பெயரோடு தலைமுறையும் சேர்ந்தால் நிலைமை கொஞ்சம் தேறும். ஆக்டிவாவில் 3ஜி, 4ஜி, 5ஜி, 6ஜி என்று கம்பெனியே பிரித்து வைத்திருப்பது விற்பவருக்கு வரம். 2020 ஜனவரியில் வந்த 6ஜி-யில் முன்பக்கம் டெலஸ்கோபிக் ஃபோர்க்கும் 12 அங்குல சக்கரமும் வந்தன. 5ஜி வரை முன்சக்கரம் 10 அங்குலம். முன்சக்கரம் விற்பவர் '6ஜி' என்று எழுதினால் ஆண்டைவிட அது தெளிவாகப் பேசும். ஆனால் வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து அதை எழுதக்கூடாது. அடிபட்ட வண்டிக்குப் பேனல் மாற்றும்போது ஸ்டிக்கரும் சேர்ந்து மாறிவிடும்.

ஆண்டு

இங்கே சிக்கல், எந்த ஆண்டு என்பதுதான். பெரும்பாலானவர்கள் சொல்வது வண்டி பதிவான ஆண்டு. நவம்பரில் தயாரான வண்டி ஷோரூமில் நின்று பிப்ரவரியில் பதிவாவது சர்வசாதாரணம். பாகத்துக்குத் தேவையானது தயாரிப்பு மாதமும் ஆண்டும். அது ஆர்.சி.யில் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கும். ஆர்.சி. கையில் இல்லையென்றால் சேசிஸ் எண்ணில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைப் பார்க்கலாம். அது எத்தனையாவது இடத்தில் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் அந்தக் கம்பெனியின் முறை தெரிந்திருக்க வேண்டும். சேசிஸ் எண்ணைப் படம் எடுத்துப் போடுவதென்றால் கடைசி ஆறு இலக்கங்களை மறைத்துவிடுங்கள்.

'2017–2020' என்று மொத்தமாக எழுதுவதைவிட, மாற்றம் நடந்த நாளை எழுதுவது மேல். இந்தியாவில் மூன்று நாட்கள் பழைய ஸ்பேர் வியாபாரத்தையே வெட்டிப் பிரிக்கின்றன. 2017 ஏப்ரல் 1-இலிருந்து இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும் என்றானது. அதன் பிறகு வந்த வண்டிகளின் கைப்பிடி ஸ்விட்ச் செட்டில் ஹெட்லைட்டை அணைக்கும் ஸ்விட்ச் இல்லை. 2019 ஏப்ரல் 1-இலிருந்து 125 சிசி-க்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம்; அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு குறைந்தது இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ். சென்சார் வளையம் மாட்ட வழியில்லாத பழைய சக்கரத்தை ஏபிஎஸ் வண்டியில் போட்டால் சக்கரம் சுழலும், ஏபிஎஸ் விளக்கு அணையாது. மூன்றாவது, மேலே சொன்ன 2020 ஏப்ரல் 1. கம்பெனிகள் இந்த நாட்களுக்குச் சில மாதம் முன்னாலேயே மாறத் தொடங்கியிருக்கும் என்பதால், எல்லைக்கு அருகில் தயாரான வண்டிக்கு ஆண்டை மட்டும் நம்ப முடியாது. நம் டேங்க் சிக்கிக்கொண்டதும் அங்கேதான்.

பார்ட் நம்பர்

கம்பெனி நம்பர் சரியாகக் கிடைத்துவிட்டால் வாதமே இல்லை. ஹோண்டாவின் நம்பர் பெரும்பாலும் மூன்று துண்டாக இருக்கும்: 5 இலக்கம், பிறகு 3, பிறகு 3. முதல் துண்டு அது என்ன பாகம் என்று சொல்லும். 16100 என்று தொடங்கினால் கார்புரேட்டர். நடுத்துண்டு எந்த மாடலுக்காக வடிவமைத்தது என்று சொல்லும். கடைசித் துண்டு அதிலுள்ள வேறுபாடு. இந்த நடுத்துண்டு தெரிந்தால், இரண்டு மாடலில் ஒரே பாகம் போட்டிருக்கிறார்களா என்பதை கேட்டலாக்கில் ஒரு பார்வையில் பிடித்துவிடலாம்.

பழைய பாகத்தில்தான் இந்த வழி தடுமாறும். நம்பர் அச்சிட்ட பை என்றோ குப்பைக்குப் போயிருக்கும். இரும்பிலும் அலுமினியத்திலும் வார்ப்பிலேயே பொறித்திருக்கும் எண் பல நேரம் வார்ப்பு அச்சின் எண். அதைப் பார்ட் நம்பர் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கம்பெனி ஒரு நம்பரை நிறுத்தி வேறு நம்பர் கொடுத்திருந்தால், வாங்குபவர் தன் கேட்டலாக்கில் தேடும்போது இரண்டும் வேறு பாகம் போலத் தெரியும். டேங்க் போல பெயின்ட் அடித்து வரும் பாகங்களில் நிறத்துக்கு நிறம் நம்பர் மாறும். சிவப்பு டேங்கின் நம்பரைத் தேடும் கறுப்பு வண்டிக்காரர், தனக்குச் சேராது என்று விலகிப் போய்விடலாம். அதனால் நம்பர் எழுதும்போது அதை எங்கே படித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்: பாகத்தின் ஸ்டிக்கரிலா, கேட்டலாக்கிலா.

அளவும் படமும்

நம் டேங்குக்குத் தீர்ப்பு சொல்வது இதுதான். அடிப்பக்கத்தைக் கவிழ்த்து எடுத்த ஒரே படம் போதும். காக் ஓட்டையா, பம்ப் துவாரமா என்பது தெரிந்துவிடும். மாட்டும் இடத்தின் படம் இல்லாமல் பளபளவென்று பக்கவாட்டில் எடுத்த நான்கு படங்கள் பயனற்றவை.

சில பாகங்களுக்கு மாடலே தேவையில்லை. பேரிங்கில் 6202 என்று இருந்தால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35, அகலம் 11. அது எந்த வண்டியிலிருந்து வந்தாலும் அதே அளவுதான். ஸ்ப்ராக்கெட்டுக்கு பல் எண்ணிக்கை, செயின் அளவு, நடு ஓட்டை, போல்ட் இடைவெளி. பின் ஷாக்குக்கு கண்ணிலிருந்து கண் வரை நீளம், புஷ்ஷின் விட்டம்.

மின் பாகங்களில் இந்த நம்பிக்கை வேண்டாம். ஸ்பார்க்கைத் தூண்டும் சிடிஐ யூனிட் ஒன்று பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும், இன்னொன்று நேராக மேக்னெட் காயிலிலிருந்து. இரண்டுக்கும் ஒரே மாதிரி கப்ளர் இருந்துவிடலாம். அளவு சரியாக இருக்கும், கப்ளர் 'டிக்' என்று மாட்டும், ஸ்பார்க் வராது. அங்கே பாகத்தின் மேலுள்ள நம்பர் இல்லாமல் விற்கவே கூடாது என்பது என் கட்சி.

அப்படியானால் எதை முதலில் எழுதுவது?

பழைய பாகத்தைப் பற்றி விற்பவருக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: எந்த வண்டியிலிருந்து கழற்றினார் என்பது. எதற்குச் சேரும் என்பது அவர் ஊகம். இரண்டையும் ஒரே வரியில் குழைப்பதால்தான் தவறான ஆர்டர் வருகிறது. தனித்தனியாக எழுதினால் நம் டேங்க் இப்படி இருக்கும்:

கழற்றிய வண்டி: ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, பிஎஸ்-4, கார்புரேட்டர். தயாரிப்பு: 2020 ஜனவரி (ஆர்.சி.படி).
அடையாளம்: அடியில் காக் ஓட்டை மட்டும், பம்ப் துவாரம் இல்லை. மூன்றாவது படம் பார்க்க.
சேரும்: இதே கார்புரேட்டர் கிளாசிக் 350. வேறு எதிலும் போட்டுப் பார்க்கவில்லை.
சேராது: 2020 ஜனவரியிலிருந்து வந்த பிஎஸ்-6 இன்ஜெக்‌ஷன் வண்டி, 2021 செப்டம்பரில் வந்த புதிய மாடல்.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரி. 'சேரும்' என்பதை ஆசையோடு படிக்கிறவர்கள் தங்கள் வண்டியையும் அதற்குள் நுழைத்துக்கொள்வார்கள். 'சேராது' என்ற வரியில் தன் வண்டியின் பெயரைப் பார்த்தவர் நின்றுவிடுவார். விற்பவர்கள் இந்த வரியை எழுதத் தயங்குவதும் அதனால்தான். வாங்குபவர் குறைவாரே என்ற பயம். திரும்பி வரும் டேங்கில் போக்குவரத்தில் விழும் நெளிவு யார் கணக்கில் சேரும் என்று ஒருமுறை யோசித்தால் தயக்கம் தீரும்.

மொத்தமாக இரும்புக் கடையிலிருந்து எடுத்து விற்கிறவருக்கு எந்த வண்டி என்பதே தெரியாமல் இருக்கும். அப்போது ஆண்டை ஊகித்து நிரப்பாமல் 'வண்டி தெரியாது' என்றே எழுதி, மாட்டும் இடங்களின் படத்தையும் அளவையும் கொடுக்கலாம். பார்சல் கட்டுவதற்கு முன் வாங்குபவரிடம் அவர் பழைய பாகத்தை இதே கோணத்தில் எடுத்த படத்தைக் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். படம் அனுப்ப மனமில்லாதவருக்கு அந்த பாகத்தை விற்காமல் விடுவதே லாபம்.