மூன்று குளிர்காலம், 55 ஆயிரம் கிலோமீற்றர்: பிளக்-இன் எடுத்தது சரிதானா?

2023 ஆகஸ்ட்டில் நான் டொயோட்டாவின் பிளக்-இன் ஹைபிரிட் காரான ராவ்4 பிரைம் எடுத்தேன். மூன்று மாதம் கழித்து மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ராவ்4 ஹைபிரிட் எடுத்தான். உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். என்னுடையதில் 18.1 கிலோவாட் மணி பற்றரி, வீட்டில் செருகி ஏற்றலாம். அவனுடையதில் அதில் பத்தில் ஒரு பங்கும் வராத சின்னப் பற்றரி. செருக வழியில்லை, பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சினிலிருந்தும் தானே ஏற்றிக்கொள்ளும். குடும்ப விருந்துகளில் "எது நல்லது?" என்று யாராவது கேட்டால் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறப்போம். மூன்று குளிர்காலம் ஓட்டியபிறகு என் பக்கக் கணக்கை முழுதாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு ரொறன்ரோவில், ஸ்காபரோவின் வடக்கு ஓரம். வேலை பக்கத்து வோன் நகரில். 407 கட்டண நெடுஞ்சாலையில் காசு கட்டாமல் ஸ்டீல்ஸ் வீதி வழியாகப் போனால் போக 28 கிலோமீற்றர், வர 28. கனடாவில் இந்தக் கார் செருகி ஏற்றியதும் 68 கிலோமீற்றர் ஓடும் என்கிறார்கள். மே முதல் ஒக்ரோபர் வரை எனக்கு அது 70ஐத் தாண்டியும் ஓடியது. அந்த ஆறு மாதமும் வேலைக்குப் போய்வருவதற்குப் பெற்றோல் என்ற பேச்சே இல்லை. ஒரு தடவை தாங்கி நிரப்பியபிறகு ஏழு கிழமை பெற்றோல் நிலையத்துப் பக்கம் போகவில்லை. போனபோது மூடி எந்தப் பக்கம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் செருகும் விசயம். விற்பனையாளர் சொன்னதை நம்பி ஒரு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கராஜைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 60 அம்பியர் தனிச் சுற்று, சுவரில் 48 அம்பியர் சார்ஜர், அதற்குப் பிரதான பெட்டியையும் பெரிதாக்க வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார். அப்புறம்தான் காரின் கையேட்டைத் திறந்து பார்த்தேன். என்னுடைய எஸ்இ ரகத்தில் காருக்குள் இருக்கும் சார்ஜர் வெறும் 3.3 கிலோவாட். சுவரில் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் அது 240 வோல்ற்றில் 16 அம்பியருக்கு மேல் இழுக்காது, நாலரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். விலை கூடிய ரகத்தில் 6.6 கிலோவாட் வரும், அதற்கும் 48 அம்பியர் தேவையில்லை. பிளக்-இன் ஹைபிரிட் வாங்குபவர் யாராக இருந்தாலும் மின்வேலைக்காரரைக் கூப்பிட முதல் இந்த ஓர் எண்ணைப் பாருங்கள்.

முதல் ஆறு மாதம் காருடன் வந்த கேபிளைச் சாதாரண 120 வோல்ற் பிளக்கிலேயே செருகினேன். முழுதாக ஏற 12 மணி நேரம். இரவு எட்டுக்குச் செருகினால் காலை எட்டுக்கு ரெடி, அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒன்ராறியோவில் 2023இல் வந்த அதிமலிவு இரவுக் கட்டணத்துக்கு மாறியதும் கணக்கு மாறியது. இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட்டுக்குத் தொடக்கத்தில் 2.4 சதம், இப்போதும் 4 சதத்துக்குள்தான். விநியோகச் செலவு, வரி எல்லாம் சேர்த்து என் பில்லில் 6 சதம் அளவில் விழுகிறது. அந்த எட்டு மணி நேரத்தில் 120 வோல்ற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் ஏறும். அதனால் 900 டொலர் செலவழித்து, முறைப்படி அனுமதி எடுத்து, 240 வோல்ற்றில் 20 அம்பியர் சுற்று ஒன்று போடுவித்தேன். பிரதான பெட்டியைத் தொடவே இல்லை.

இந்தக் கட்டணத்தில் ஒரு பொறி இருக்கிறது. வார நாள்களில் பின்னேரம் 4 முதல் 9 வரை யூனிட் விலை, இரவு விலையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. "நீங்கள் காருக்கு மிச்சம் பிடிக்கிற காசை நான் இடியப்பம் அவிக்கிறதில விடுகிறன்" என்றா மனைவி. பகிடியாகச் சொன்னாலும் உண்மைதான். மின்சார அடுப்புள்ள வீட்டில், பின்னேரம் முழுக்கச் சமைத்து உடுப்பும் தோய்ப்பவர்கள் ஒரு மாதப் பில்லை வைத்து இரண்டு திட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள். நாங்கள் உடுப்புத் தோய்ப்பதைச் சனி ஞாயிறுக்குத் தள்ளியபிறகுதான் மாற்றம் பலித்தது.

இனிக் குளிர்காலம். வாங்கும்போது யாரும் எனக்கு இதை விளங்கச் சொல்லவில்லை.

பூச்சியம் பாகைக்கு வந்ததும் 68 என்பது 50 ஆகிறது. இந்தக் கார் வெப்பப் பம்பில் சூடாக்குவதால் அந்த அளவிலாவது நிற்கிறது. மைனஸ் 10ஐ ஒட்டிக் குளிர் இறங்கியதும் அந்தப் பம்பால் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்க முடிவதில்லை. சூடு வேண்டுமென்றால் எஞ்சின் தானாக எழும்பும். பற்றரி நிறைய இருக்கும், மின்சாரத்தில் ஓடு என்று நீங்கள் பொத்தானும் அழுத்தியிருப்பீர்கள், ஆனாலும் தெருமுனை திரும்ப முதலே எஞ்சின் உறுமும். முதல் ஜனவரியில் கார் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பழுதில்லை, வடிவமைப்பே அப்படி. முன்கண்ணாடிப் பனியை நீக்கும் பொத்தானை அழுத்தினாலும் இதே கதைதான், அது மைனஸ் 3இலும் நடக்கும். இப்போது நான் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. காற்றைக் கையால் கண்ணாடிப் பக்கம் திருப்பி, இருக்கைச் சூட்டையும் ஸ்ரியரிங் சூட்டையும் போட்டுக்கொள்வேன். புறப்பட 15 நிமிடம் முதல், கேபிள் செருகியிருக்கும்போதே ஃபோனிலிருந்து உள்ளே சூடாக்கிவிடுவேன், அந்த மின்சாரம் சுவரிலிருந்து வரும். மைனஸ் 18 போன்ற நாள்களில் இந்த வித்தை ஒன்றும் பெரிதாக எடுபடாது, எஞ்சின் ஓடத்தான் வேண்டும்.

என் குறிப்பேட்டின்படி டிசம்பர் முதல் மார்ச் வரை வேலைப் பயணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம், மிச்சம் பெற்றோல்.

அடுத்தது தூரப் பயணம். நாங்கள் வருடத்துக்கு ஐந்து தடவையாவது மொன்றியல் போவோம். மனைவியின் அக்கா அங்கே, முருகன் கோயில் திருவிழாவும் அங்கே. போன கோடையில் ஒரு கலியாணத்துக்கு இரண்டு காரும் ஒன்றாகப் போனோம். முதல் நாள் இரவு ஒரே பெற்றோல் நிலையத்தில் இரண்டு தாங்கியையும் நிரப்பி, மொன்றியலில் திருப்பி நிரப்பி அளந்தோம். 545 கிலோமீற்றர், வேகம் 115 அளவில், இரண்டு காரிலும் நாலு பேர், சாமான், ஏசி. மச்சானுக்கு 36.1 லீற்றர். எனக்கு 33.6. நான் வீட்டிலிருந்து நிறைத்துக்கொண்டு போன பற்றரி ஐம்பது சொச்சம் கிலோமீற்றரைப் பார்த்துக்கொண்டது. அதைக் கழித்தால் எஞ்சிய தூரத்துக்கு நான் 100 கிலோமீற்றருக்கு 6.8 லீற்றர் எரித்திருக்கிறேன், அவன் 6.6. பாரமான பற்றரியைச் சும்மா காவிக்கொண்டு போனதற்கான கூலி அது.

"அத்தான், இரண்டரை லீற்றருக்கா இவ்வளவு காசு கொடுத்தீங்கள்?" என்றான். இரண்டு கோப்பிக் காசு.

வழியில் ஏற்றலாமே என்று கேட்பார்கள். இந்தக் காரில் வேகச் சார்ஜர் செருகும் துவாரம் கிடையாது. கிங்ஸ்டனில் நின்று மத்தியானம் சாப்பிடும் 40 நிமிடத்தில் ஏறுவது பத்துக் கிலோமீற்றருக்குக் காணும். அதற்காக அடுத்தவர் முழு மின்சாரக் காரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் சரியில்லை. பயணத்தில் உண்மையாகப் பிரயோசனப்படுவது போய்ச் சேருமிடத்துச் சுவர்ப் பிளக்தான். அக்கா வீட்டு வெளிச்சுவரில் 120 வோல்ற் பிளக் ஒன்று இருக்கிறது. இரவு செருகிவிட்டால் அடுத்த நாள் கோயில், மண்டபம், கடைத்தெரு எல்லாம் மின்சாரத்தில் முடியும்.

ஒரு பிழையும் விட்டேன். முதல் பயணத்தில் பற்றரி பௌமன்வில்லைத் தாண்டியதும் தீர்ந்தது. நெடுஞ்சாலையிலேயே எஞ்சினைக்கொண்டு திருப்பி ஏற்றும் முறையைப் போட்டேன், மொன்றியல் நெரிசலுக்கு உதவுமே என்று. பெற்றோலை எரித்து மின்சாரமாக்கி, பிறகு அதை எரித்த கணக்கு. சராசரி 8 லீற்றரைத் தாண்டியது. இப்போது 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் சாதாரண ஹைபிரிட்டாக ஓடவைக்கும் HV பொத்தானை அழுத்திப் பற்றரியை அப்படியே வைத்துக்கொண்டு போய் நகருக்குள் மின்சாரத்தில் ஓடும் EV முறைக்கு மாற்றுவேன். அதிலும் மிச்சம் ஒரு லீற்றர்தான். அந்தப் பற்றரி தீர்ந்தாலும் கார் நல்ல ஹைபிரிட்டாகவே ஓடும், நடுவழியில் விட்டுவிடாது.

சாமான் இடத்தில் மச்சான் வென்றான். அவனுக்குப் பின்னால் 1,059 லீற்றர், எனக்கு 949. பற்றரிக்காகத் தளம் உயர்ந்திருக்கிறது. சீர்த் தட்டுகளும் பலகாரப் பெட்டிகளும் அவனுடைய காரில்தான் போயின.

சரி, காசுக் கணக்கு. வருடத்துக்கு நான் 20,500 கிலோமீற்றர் ஓடுகிறேன், அதில் 11,500 மின்சாரத்தில். பெற்றோல் லீற்றர் 1.50 என்று வைத்தால் எனக்கு வருடச் செலவு பெற்றோல் 918, மின்சாரம் 159, ஆக 1,077 டொலர். இதே தூரம் மச்சானின் காரில் 1,900 டொலர். மிச்சம் 820 சொச்சம். 2025 ஏப்ரலில் பெற்றோலில் இருந்த கார்பன் வரி போய் விலை இறங்கியபிறகு மிச்சம் 730 ஆகிவிட்டது. வாங்கும்போது எனக்குச் சொன்ன இரண்டு விலைக்கும் இடையே 10 ஆயிரம், அதற்கு 13 வீத வரி. மத்திய அரசு 5,000 திருப்பித் தந்தது. பிளக் போட்ட 900ஐயும் சேர்த்தால் நான் கூடக் கொடுத்தது 7,200. மிச்சத்தில் அதை எடுக்க ஒன்பது பத்து வருடம். அந்த 5,000 டொலர்த் திட்டம் 2025 ஜனவரியில் நின்றுபோனது. அது இல்லாமல் எடுத்திருந்தால் 12,200, அது என் பிள்ளை வேலைக்குப் போகும் காலத்துக்குக் கிட்ட வரும்.

ஆக, நான் காசு மிச்சம் பிடிக்கவில்லை. காலையில் சத்தமில்லாமல் புறப்படுவதும், 302 குதிரைவலுவில் 401இல் ஏறுவதும் எனக்குப் பிடிக்கிறது, அதற்குக் கொடுத்த விலை என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் தங்கச்சி கேட்டாள். அவளுக்கும் கராஜ் இருக்கிறது, பிளக் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம், வேலை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 14 கிலோமீற்றர், மிச்ச ஓட்டமெல்லாம் ஒட்டாவாவுக்கும் மொன்றியலுக்கும். அவளுடைய 14ஐ வருடத்து வேலை நாள்களால் பெருக்கி மின்சாரத்தில் போட்டால் மிச்சம் 250 டொலர்கூட வரவில்லை. ஹைபிரிட் எடு என்றேன். "பிறகேன் அண்ணா நீங்கள் மற்றதை எடுத்தீங்கள்?" என்றாள். நாள் ஒன்றுக்கு 56 என்றேன். ஃபோனை எடுத்துத் தன் வீட்டிலிருந்து புது வேலை இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கத் தொடங்கினாள்.