பிஎஃப்பா, கிராஜுவிட்டியா, அடிப்படைச் சம்பளமா? ஓசூர் ஒப்பந்தப் பேச்சில் எதைக் கேட்பது

ஓசூர் சிப்காட்டில் ஒரு சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானால் கேட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி "எவ்வளவு ஏத்தினாங்க?" என்பதுதான். 58 வயதில் வீட்டுக்குப் போகும்போது கையில் என்ன இருக்கும் என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. நான் இரண்டு ஒப்பந்தங்களில் பேச்சுவார்த்தைக் குழுவில் உட்கார்ந்தவன். ஓய்வுக்காலம் பற்றிய ஷரத்துகளைக் கடைசி நாள் ராத்திரிக்குத் தள்ளிவைத்து இழந்தது அதிகம் என்பதால் இந்தக் கணக்கை எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. பிஎஃப் ஓய்வூதியம் ஒப்பந்தத்தால் ஏறாது. அது 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பில் கட்டப்பட்டது. 2014 செப்டம்பரில் வந்த வரம்பு அது. 34 வருடம் வேலை செய்தவருக்கு இரண்டு வருட போனஸ் சேர்த்து 36 என்று எடுத்து, 15,000-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் அதிகபட்சம் மாதம் சுமார் 7,700 ரூபாய். சம்பளம் 15,000-ஐவிட எவ்வளவு அதிகமாக இருந்தாலும் இதற்கு மேல் வராது. ஆகவே சங்கம் கேட்க வேண்டியது மொத்தமாகக் கைக்கு வரும் பணத்தை. அதற்கு மூன்று வழிகள் போட்டி போடுகின்றன.

ஒரே பிளான்ட்டில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 54 வயது, பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். இன்னொருவர் 30 வயதுக்காரர், கெலமங்கலம் பக்கம். இருவரும் 24 வயதில் சேர்ந்தவர்கள், 58-இல் ஓய்வு. மொத்தம் 34 வருட சர்வீஸ். மொத்தச் சம்பளம் மாதம் 48,000. அதில் அடிப்படையும் டிஏவும் 24,000. சம்பளம் ஏறாது என்று வைத்தே கணக்குப் போடுகிறேன், ஒப்பிட அதுதான் எளிது.

முதல் வழி, பிஎஃப்பை முழு 24,000-க்கும் கட்டச் சொல்வது. சட்டப்படி நிர்வாகம் 15,000-க்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் கட்டினால் போதும். முழுச் சம்பளத்துக்கு என்றால் 2,880. கூடுதல் 1,080 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகாமல் முழுதாக பிஎஃப் கணக்கில் சேரும். 8.25 சதவீத வட்டி நிலைத்தால், 28 வருடம் மீதமுள்ள இளைஞருக்கு இந்தக் கூடுதல் மட்டும் சுமார் 13.4 லட்சம் ஆகும். 4 வருடம் மட்டுமே மீதமுள்ள அண்ணனுக்குக் கிடைப்பது சுமார் 61,000 ரூபாய். இதில் ஒரு சிரமம் உண்டு: தொழிலாளியின் பங்கும் மாதம் 1,080 கூடுதலாகப் பிடிக்கப்படும். வீட்டு வாடகையும் பைக் இஎம்ஐயும் கட்டும் பையன் முகம் சுளிப்பான். அதை முன்கூட்டியே ஜெனரல் பாடியில் பேசாமல் கேட்கப் போனால் நம் ஆட்களே எதிர்ப்பார்கள்.

இரண்டாவது வழி, கிராஜுவிட்டி நாட்களை ஏற்றுவது. சட்டம் கொடுப்பது வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டு. அதற்கு மேல் ஒப்பந்தத்தில் பேசிக்கொள்ளத் தடையில்லை. 24,000-க்கு 34 வருடத்துக்கு 15 நாள் கணக்கில் சுமார் 4,70,800. 20 நாள் ஆக்கினால் சுமார் 6,27,700. வித்தியாசம் 1,57,000 அளவில், இருவருக்கும் ஒன்றே. ஏனென்றால் கிராஜுவிட்டி பழைய வருடங்களையும் சேர்த்துக் கடைசிச் சம்பளத்தில் கணக்கிடப்படுகிறது. அதனால் பாலக்கோடு அண்ணனுக்கு இது பிஎஃப் வழியைவிட இரண்டரை மடங்கு. இளைஞருக்கோ பிஎஃப் வழியின் எட்டில் ஒரு பங்குதான். அவர் இடையில் கம்பெனி மாறினால் புதிய இடத்தில் சர்வீஸ் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். பிஎஃப் மட்டும் அவர் கூடவே போகும்.

நிர்வாகம் இதை எதிர்ப்பதற்கான காரணமும் அதுதான்: பழைய வருடங்களுக்கான பாரம் ஒரே நாளில் அவர்கள் கணக்கில் ஏறும். அதனால் "10 வருடம் முடித்தவருக்கு 18 நாள், 20 வருடம் முடித்தவருக்கு 20 நாள்" என்று படிப்படியாகக் கேட்பது பேச்சைச் சுலபமாக்கும்.

மூன்றாவது வழியைத்தான் நம் சங்கங்கள் கவனிப்பதில்லை. சம்பளத்தில் அடிப்படையும் டிஏவும் எவ்வளவு பங்கு என்பது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளமாகவே கணக்கில் சேரும். ஆகவே 48,000-இல் அடிப்படை 20,000 என்று எழுதியிருந்தாலும் கிராஜுவிட்டிக்குச் சம்பளம் 24,000. இதை நிர்வாகம் "உங்களுக்காக அடிப்படையை 24,000 ஆக்கினோம்" என்று மேசையில் வைத்து, பதிலுக்கு வேறு கோரிக்கையை விடச் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. அது சட்டம் ஏற்கெனவே தந்தது. நாம் கேட்க வேண்டியது பாதிக்கு மேல்.

மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 32,000 என்று பெற்றுவிட்டால், 15 நாள் கணக்கிலேயே கிராஜுவிட்டி 6,27,700 வரும். 20 நாள் கேட்டுப் பெற்ற அதே தொகை! கூடவே அடிப்படையை வைத்துக் கணக்கிடும் லீவு சம்பளமும் ஏறும். ஆனால் பிஎஃப் 15,000 வரம்பிலேயே இருந்தால் அடிப்படை ஏறுவதால் பிஎஃப்பில் ஒரு பைசாவும் கூடாது. முதல் வழியும் மூன்றாவதும் சேர்ந்தால்தான் இளைஞருக்கு முழு லாபம்.

சூப்பர் ஆன்யுவேஷன் நிதியையும் சிலர் கேட்கிறார்கள். அதில் பெரும்பகுதி மாத வருமானமாகத்தான் வரும், விலைவாசியோடு அது ஏறாது. மாதம் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு சேரும் தொழிலாளிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு: பாதிப்பேர் 45-ஐத் தாண்டிய பிளான்ட்டில் அடிப்படைப் பங்கும் கிராஜுவிட்டி நாளும்; புதிய பிளான்ட்டில் அடிப்படைப் பங்கும் முழுச் சம்பள பிஎஃப்பும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் அடிப்படைப் பங்கு.

சரி, எழுத்தில் எது தப்பாகப் போகிறது? கிராஜுவிட்டி ஷரத்தில் "சட்டப்படி" என்ற சொல் இருந்தால் 15 நாளும், 20 லட்சம் உச்சவரம்பும் தானாக உள்ளே வந்துவிடும். நாட்கள், வகுக்கும் 26, "எந்த உச்சவரம்பும் இன்றி" என்பது மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம் சர்வீஸ் எப்போது தொடங்குகிறது என்பது. டிரெய்னியாக இரண்டு மூன்று வருடம் ஓட்டியவர்கள் இங்கே நிறைய. நிரந்தர ஆர்டர் தேதியிலிருந்து என்று எழுதினால் அந்த வருடங்கள் போயின. 24,000-க்கு ஒரு வருடத்தின் விலை 13,846 ரூபாய்.

பணம் எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. கம்பெனி திவாலானால் பிஎஃப், ஓய்வூதிய, கிராஜுவிட்டி நிதிகளில் தொழிலாளிக்கு வரவேண்டியதைக் கடன்காரர்களுக்குப் பங்கு போட முடியாது என்று 2016 திவால் சட்டம் சொல்கிறது. தனியாக நிதி இருந்தால் அந்தப் பாதுகாப்பு தெளிவு. புத்தகத்தில் மட்டும் எழுதி வைத்திருந்தால் வழக்குதான். எல்ஐசி குரூப் கிராஜுவிட்டி போன்ற நிதியில் வருடம் தோறும் பணம் கட்டி, இருப்பு விவரத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்று ஷரத்து வேண்டும்.

கடைசியாகத் தேதி. எங்கள் போன ஒப்பந்தம் பழையது முடிந்து 14 மாதம் கழித்துதான் கையெழுத்தானது. இடையில் ஓய்வுபெற்ற ஒரு அண்ணனுக்கு அரியரும் வரவில்லை, கிராஜுவிட்டியும் பழைய சம்பளத்தில்தான். "கையெழுத்திடும் நாளில் பணியில் உள்ளவர்களுக்கு" என்ற நான்கு சொல்லை நாங்கள் கவனிக்கவில்லை. இந்த முறை வரைவில் "பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பணியில் இருந்த அனைவருக்கும், இடையில் ஓய்வுபெற்றவர், இறந்தவரின் வாரிசு உட்பட" என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.